எல்லா வேலையும் செய்வேன் என்று எழுதாதீர்கள்: புதிய ஃப்ரீலான்சர் தன் நிச்சைத் தேர்ந்தெடுக்கும் வழி

விருதுநகர் பக்கத்துத் தங்கை ஒருத்தி தன் ப்ரொஃபைலை எனக்கு அனுப்பியிருந்தாள். டேட்டா என்ட்ரி, மொழிபெயர்ப்பு, லோகோ டிசைன், கன்டென்ட் ரைட்டிங், வீடியோ எடிட்டிங், வேர்ட்பிரஸ் என்று ஆறு வேலைகள் வரிசையாக இருந்தன. "நாலு மாசமா போட்டுட்டே இருக்கேன்கா, ஒருத்தர்கூட திரும்பிப் பார்க்கல" என்றாள். அந்த ஆறில் எது அவளுக்கு நன்றாக வரும் என்று எனக்கே தெரியவில்லை. காசு கொடுக்கப்போகிறவருக்கு எப்படித் தெரியும்?

நிச் என்றால் இன்னாருக்கு இன்ன வேலை என்று குறுக்கிக்கொண்ட ஒரே வேலை. அவளோடு உட்கார்ந்து அப்படி ஒரே ஒரு வேலைக்கு இறங்கிவந்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் வேலை வேறாக இருக்கலாம், ஆனால் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். நான் பார்த்த புதியவர்களில் பெரும்பாலோர் ஐந்தாவது படியில், அதாவது ப்ரொஃபைல் எழுதுவதில் ஆரம்பிக்கிறார்கள். முதல் நான்கும் இல்லாமல் எழுதும் ப்ரொஃபைலை மாதத்துக்கு ஒருமுறை அழித்து எழுத வேண்டியிருக்கும்.

## தொடங்கும் முன்

மூன்று விஷயங்கள் தேவை. ஒன்று, நீங்கள் ஏற்கெனவே யாருக்காகவோ செய்து கொடுத்த வேலைகள், குறைந்தது ஏழெட்டு. கூலி வாங்கியிருக்க வேண்டியதில்லை, ஆனால் இன்னொருவர் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். வீடியோ பார்த்துப் படித்தது மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்த வழிகாட்டி இப்போதைக்கு வேண்டாம். எங்காவது சின்ன ஆபீஸில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு வாருங்கள். வெட்டிச் சுருக்குவதற்கு முதலில் துணி வேண்டும்.

இரண்டாவது, மூன்று மாதச் செலவுக்கு வேறு வழி. வீட்டு வாடகை தலைக்கு மேல் நிற்கும்போது யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் வாய் சொல்லும்.

மூன்று, ஒரு ஸ்ப்ரெட்ஷீட் அல்லது நோட்டு. மனக்கணக்காக வைத்துக்கொண்டால் பிடித்த வேலையே வருமானம் தரும் வேலை என்று மனசு நம்ப வைத்துவிடும்.

## 1. திறமைகளை எழுதாதீர்கள், செய்த வேலைகளை எழுதுங்கள்

"மொழிபெயர்ப்பு", "வீடியோ எடிட்டிங்" எல்லாம் கருவிகளின் பெயர்கள். கடையில் யாரும் சுத்தியல் தெரிந்த ஆளைத் தேடுவதில்லை, கதவு தொங்கிப்போனதைச் சரிசெய்கிற ஆளைத் தேடுகிறார்கள். அதனால் பட்டியலில் வர வேண்டியது நடந்த வேலை.

ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கட்டங்கள் போடுங்கள். யார் கொடுத்தார், வாங்கிக்கொண்டுபோய் அவர் அதை என்ன செய்தார், வேலையில் எந்த இடம் சிக்கலாக இருந்தது, நீங்கள் இல்லையென்றால் அவர் யாரிடம் போயிருப்பார்.

அவள் எழுதியதில் ஒன்பது வேலைகள் வந்தன. மாமாவின் கடைக்கு ஸ்டாக் பட்டியல் அடித்தது. தோழி கல்யாணத்துக்குப் பத்திரிகை டிசைன். ஒரு கோச்சிங் சென்டருக்கு நோட்டீஸ். இப்படியே போய் ஏழாவதாக ஒன்று: கல்லூரி முகாமில் கிராமத்துப் பெரியவர்களைப் பேட்டி எடுத்த வீடியோக்களை, வெளிமாநிலத்திலிருந்து வந்திருந்த ஒரு ஆய்வு மாணவருக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது.

நான்காவது கட்டத்தைப் பாருங்கள் என்றேன். ஸ்டாக் பட்டியலுக்கு "யாரிடம் வேண்டுமானாலும்" என்று எழுதியிருந்தாள். பத்திரிகைக்குத் தெருமுனை பிரிண்டிங் பிரஸ். பேட்டிக்கு மட்டும் பதில் வேறு மாதிரி இருந்தது: "அவர் ரெண்டு பேரை ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருந்தார். பாட்டிகள் பேசுறது அவங்களுக்குப் புரியலையாம்." நான்காவது கட்டத்தில் ஆள் பெயர் சட்டென்று வராத வேலையில்தான் நிச் ஒளிந்திருக்கும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, பிடித்த வேலைக்கு ஸ்டார் போடுவது. அவளுக்கு லோகோ டிசைன்தான் ஆசை. அதில் தப்பில்லை, ஆனால் இதுவரை அவள் செய்த இரண்டு லோகோக்களும் இலவசமாக, சொந்தக்காரர்களுக்கு.

## 2. "யாருக்கு" என்று ஒரு வெட்டு, "எந்த நேரத்தில்" என்று இன்னொரு வெட்டு

கிடைத்த வேலையை அப்படியே எடுத்துக்கொண்டால் "தமிழ்–ஆங்கில மொழிபெயர்ப்பு" என்றாகிவிடும். அது நிச் இல்லை, கடல். அதை இரண்டு முறை வெட்ட வேண்டும்.

முதல் வெட்டு, யாருக்கு. சான்றிதழ் மொழிபெயர்க்கக் கேட்பவர், கம்பெனி இணையதளம் கேட்பவர், வீடியோக்காரர் எல்லோரும் வேறு வேறு மனிதர்கள். வீடியோக்காரர்களிலும் குறும்படம் எடுப்பவர், யூடியூப் சேனல் வைத்திருப்பவர், ஆவணப்படம் எடுக்கும் நிறுவனம் என்று பிரிவு உண்டு. அவளுடைய பலம் வட்டாரப் பேச்சு. எழுதி வைத்த வசனத்துக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. கிராமத்தில் போய்க் கேமராவை வைத்துப் பேசவிடுகிற ஆவணப்படக்காரருக்குத்தான் தேவை.

இரண்டாவது வெட்டு, அந்த மனிதருக்கு எந்த நேரத்தில். புதியவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆவணப்படத்துக்கு மொழிபெயர்ப்பு இரண்டு நேரத்தில் தேவைப்படும். ஒன்று, படம் வெட்டி முடிந்தபின் சப்டைட்டில். இன்னொன்று அதற்கு வெகு முன்னால், ஷூட்டிங்கில் எடுத்த வெட்டாத வீடியோவை, அதாவது ஃபுட்டேஜை, எடிட்டர் முதன்முதலாகத் திறக்கிற அன்று.

அந்த இரண்டாவதை நினைத்துப் பாருங்கள். ராமநாதபுரத்தில் நான்கு நாள் ஷூட்டிங். பதினாலு மணி நேர ஃபுட்டேஜ் மும்பைக்குப் போகிறது. எடிட்டருக்குத் தமிழ் தெரியாது. திரையில் ஒரு பாட்டி கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். எங்கே ஒரு வாக்கியம் முடிகிறது, எங்கே அவர் அழப்போகிறார், எது கேள்விக்குப் பதில், எது மருமகளிடம் மோர் கேட்டது, ஒன்றும் தெரியாது. அவருக்கு வேண்டியது அழகான சப்டைட்டில் இல்லை. எந்தக் கிளிப்பில் எந்த நொடியில் யார் என்ன சொன்னார் என்கிற டைம்கோடு போட்ட ஆங்கிலத் தாள். அது கையில் வரும்வரை எடிட் மேசை சும்மா கிடக்கும், வாடகை ஓடும்.

இப்போது நிச் இப்படி நிற்கிறது: தமிழ் தெரியாத எடிட்டருக்கு, எடிட் தொடங்கும் முன், தமிழ்ப் பேட்டிகளின் டைம்கோடு போட்ட ஆங்கிலப் பிரதி. நேரத்தையும் சேர்த்து வெட்டியதால் ஒரு லாபம்: அந்த நேரத்தில் அவர்கள் அவசரத்தில் இருப்பார்கள். அவசரத்தில் இருப்பவர் ரேட்டைப் பேசுவதைவிட ஆளைப் பிடிப்பதில்தான் குறியாக இருப்பார்.

கருவியை வைத்து வெட்டினால் சுருங்கியதுபோலத் தெரியும், சுருங்கியிருக்காது. "கேன்வாவில் மட்டும் டிசைன் செய்வேன்" என்பது அப்படி ஒன்று. வாங்குபவருக்கு கேன்வா என்றால் என்ன, கோரல்டிரா என்றால் என்ன.

## 3. வாங்குபவர்களை எண்ணிப் பாருங்கள்

நிச் மனதுக்குப் பிடித்துவிட்டால் அடுத்ததாகக் கை ப்ரொஃபைல் பக்கம் போகும். நிறுத்துங்கள். முதலில் ஸ்ப்ரெட்ஷீட்டில் நாற்பது பெயர்கள் சேருங்கள். நிறுவனத்தின் பெயர், அவர்கள் தமிழில் கடைசியாக எடுத்த வீடியோ எது, அதை எங்கே பார்த்தீர்கள், யாருக்கு எழுத வேண்டும்.

ஆவணப்படங்களின் முடிவில் ஓடும் பெயர்களைப் படித்தால் நிறுவனமும் எடிட்டரும் கிடைப்பார்கள். தொண்டு நிறுவனங்களின் யூடியூப் பக்கத்தில் தமிழ்நாட்டுக் கிராமப் பேட்டிகள் இருக்கும். தொகுப்பவர் எங்கிருக்கிறார் என்று பாருங்கள். அப்வொர்க் மாதிரி ஃப்ரீலான்ஸ் தளங்களில், பேச்சைக் கேட்டு எழுதிக் கொடுக்கும் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைகளைத் தேடி, அதைப் போட்டவர் முன்பு யாரையாவது அமர்த்தியிருக்கிறாரா, எவ்வளவு செலவழித்திருக்கிறார் என்று கவனியுங்கள். ஏற்கெனவே ஐம்பது பேருக்கு மேல் விண்ணப்பித்த வேலையில் வரிசையில் நிற்காதீர்கள். அங்கே விண்ணப்பிக்கவே கனெக்ட்ஸ் என்ற டோக்கன்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். அந்த விளம்பரங்கள் இப்போதைக்குப் படிப்பதற்கு மட்டும். வாங்குபவர் தன் தேவையை எந்தச் சொல்லில் சொல்கிறார் என்று அதிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள், ஐந்தாவது படியில் உதவும்.

என் கைக்கணக்கு ஒன்று உண்டு. இரண்டு மாலை உட்கார்ந்தும் நாற்பது பெயர் தேறவில்லை என்றால் அளவுக்கு மீறி வெட்டிவிட்டீர்கள். பத்தே நிமிடத்தில் நாற்பது கிடைத்துவிட்டால் இன்னும் வெட்டவே இல்லை.

எண்ணிக்கை தேறியபின் ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் இரண்டு கேள்விகள். இந்தத் தேவை அவருக்குத் திரும்பத் திரும்ப வருமா? காசு அவருடைய பையிலிருந்தா, பட்ஜெட்டிலிருந்தா?

தங்கை முதலில் குறும்பட இயக்குநர்களை எழுதிக்கொண்டு வந்தாள். ஆர்வமாகப் பேசுவார்கள், பட விழாவுக்கு அனுப்ப ஆங்கில சப்டைட்டிலும் அவர்களுக்குத் தேவை. ஆனால் அந்தக் காசு இயக்குநரின் சொந்தச் சேமிப்பு, படமும் வருடத்துக்கு ஒன்று. மொத்தம் பதினைந்து நிமிடப் படத்துக்கு அவள் எவ்வளவு கேட்க முடியும்? தொண்டு நிறுவனம் வேறு ரகம். நிதி கொடுத்தவருக்குக் காட்ட வருடா வருடம் வீடியோ எடுக்க வேண்டும், அதற்கென்று தலைப்புப் போட்டு ஒதுக்கிய தொகை இருக்கும். பட்டியலிலிருந்து குறும்படக்காரர்கள் இருபத்திரண்டு பேரை அன்றைக்கே தூக்கினோம். அவள் முகம் வாடிவிட்டது, அந்தப் பெயர்களைச் சேர்க்க அவ்வளவு அலைந்திருந்தாள். காலியான இடத்தைப் பட்ஜெட் உள்ளவர்களைக் கொண்டு மறுபடி நாற்பதாக நிரப்பினோம்.

## 4. ஒரு சாம்பிள் செய்யுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு

யாரிடமும் வேலை கேட்பதற்கு முன் அந்த வேலையை ஒருமுறை முழுதாகச் செய்துவிட வேண்டும். கையில் காட்ட ஒன்று கிடைக்கும். அதைவிட முக்கியம், எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரியாமல் ரேட் சொல்ல முடியாது.

சாம்பிளுக்கு அடுத்தவரின் ஃபுட்டேஜை எடுக்காதீர்கள். அந்த ஆய்வு மாணவரின் பேட்டிகள் அவருடையவை, பேசியவர்கள் அவரை நம்பிப் பேசினார்கள். எடிட்டர் அதைப் பார்த்தால் நாளை தன் ஃபுட்டேஜும் இப்படித்தான் ஊர் சுற்றும் என்று நினைப்பார். அவள் தன் அப்பத்தாவிடம் சொல்லி, சம்மதம் வாங்கி, போனில் பத்து நிமிடம் பதிவு செய்தாள்.

முதல் தடவை செய்ததில் இரண்டு குளறுபடிகள். இரண்டையும் புதியவர்கள் எல்லோரிடமும் பார்த்திருக்கிறேன்.

ஒன்று டைம்கோடு. வீடியோ பிளேயரில் கீழே ஓடும் நேரத்தைப் பார்த்து 2 நிமிடம் 10 நொடி என்று எழுதியிருந்தாள். தொழில்முறைக் கேமரா தனக்கென்று ஒரு நேரத்தைப் பதிவில் சேர்த்து எழுதும். அது பெரும்பாலும் பூஜ்யத்தில் தொடங்காது. எடிட்டர் தேடுவது `14:32:10:08` என்பதை. மணி, நிமிடம், நொடி, கடைசியில் ஃபிரேம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் அந்தக் கடைசி எண் 00-லிருந்து 24 வரைதான் போகும், அங்கே 31 என்று எழுதியிருந்தால் தாளைச் செய்தவருக்கு வேலை தெரியாது என்று எடிட்டருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதனால் வேலை வாங்கும்போதே டைம்கோடு திரையில் பதிந்த காப்பியைக் கேட்டு வாங்க வேண்டும். கிளிப்பின் பெயரையும் `C0047.MP4` என்று கேமரா வைத்தபடியே எழுத வேண்டும். "பாட்டி பேட்டி 2" என்று நாம் வைக்கும் செல்லப்பெயர் அவருடைய கம்ப்யூட்டரில் இருக்காது.

இன்னொன்று சொல். அப்பத்தா "கம்மா நெறஞ்சு ரெண்டு வருசமாச்சு, வெள்ளாமை வீடு வந்து சேரல" என்கிறார். இவள் கம்மாவுக்கு வெறும் "டேங்க்" என்று போட்டிருந்தாள். மும்பையில் அதைப் படிப்பவர் மொட்டைமாடித் தொட்டியைத்தான் நினைப்பார். "இரிகேஷன் டேங்க்" என்று ஒரு சொல் கூடச் சேர்த்தால் வயலும் கரையும் வந்துவிடும். ஊருணி என்று வந்தால் அது குடிதண்ணீர், அதற்கு வேறு சொல். வெள்ளாமை வீடு வந்து சேரவில்லை என்பதற்கு அறுவடை பொய்த்தது என்ற பொருளை எழுத வேண்டும், யாரோ வீட்டுக்கு வரவில்லை என்று எழுதினால் எடிட்டர் காணாமல்போனவரைத் தேடிக்கொண்டிருப்பார். இந்த மாதிரிச் சொற்களுக்குத் தனித்தாள் ஒன்று போடச் சொன்னேன்.

நேரக்கணக்கு இப்படி வந்தது. முதல் மூன்று நிமிட ஃபுட்டேஜுக்கு நாற்பது நிமிடம். நான்கைந்து முறை செய்து கை பழகியபின் பத்து நிமிட ஃபுட்டேஜுக்கு எழுபது நிமிடம். அதாவது ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்கு ஏழு மணி நேர உழைப்பு, திருத்தத்துக்கு இன்னொரு மணி நேரம், ஆக எட்டு. மணிக்கு 250 ரூபாயாவது வேண்டும் என்றாள். எட்டு மணி நேரத்துக்கு 2,000 ரூபாய். ஃபுட்டேஜ் நிமிடத்துக்குச் சுமார் 33 ரூபாய்.

இதுவே அடிமட்ட ரேட், கேட்கும் ரேட் அல்ல. 40 ரூபாய் கேட்கலாம் என்று தோன்றும். ஆனால் ஃபைவர் போன்ற தளம் வழியாக வேலை வந்தால், விற்பவருக்கு வரும் தொகையில் அவர்கள் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். 40-இல் 8 போனால் மிச்சம் 32, அடிமட்டத்துக்கும் கீழே. அதனால் நேரடியாக வருபவருக்கு 40, தளம் வழியாக 50 என்று வைத்தோம். இது ஊர் ரேட் இல்லை, அவளுடைய கைவேகத்துக்கு வந்த ரேட். உங்களுடையதை உங்கள் கடிகாரம்தான் சொல்லும்.

இந்தப் படியிலேயே சிலர் வேலை தனக்கு ஒத்துவராது என்று கண்டுகொள்கிறார்கள். காதில் ஹெட்போனோடு ஏழு மணி நேரம் ஒரே பாட்டியைக் கேட்பது எல்லோருக்கும் முடியாது. கிளையன்ட் வருவதற்கு முன் தெரிந்துகொண்டது நல்லதுதான், இரண்டாவது படிக்குத் திரும்பி வேறு வெட்டு வெட்டலாம்.

## 5. ஒரு வரி எழுதுங்கள், மற்றதை அழியுங்கள்

இப்போதுதான் ப்ரொஃபைல். யாருக்கு, என்ன, எப்போது, கையில் என்ன கிடைக்கும் என்ற நான்கும் ஒரே வரியில் வர வேண்டும். அவள் எழுதியது ஆங்கிலத்தில், அதன் சாரம் இது:

"தமிழ்ப் பேட்டிகளை உங்கள் எடிட்டருக்குப் புரியவைக்கிறேன்: டைம்கோடு போட்ட ஆங்கிலப் பிரதி, கிராமத்து வட்டாரப் பேச்சு உட்பட, 48 மணி நேரத்தில் முதல் பகுதி."

இதில் "நான் ஒரு கடின உழைப்பாளி" இல்லை, பட்டப்படிப்பு இல்லை. மூன்றாவது படியில் விளம்பரங்களிலிருந்து பொறுக்கிய சொற்கள் இருக்கின்றன. "முதல் பகுதி" என்பதை யோசித்துத்தான் போட்டோம். பதினாலு மணி நேர ஃபுட்டேஜை 48 மணி நேரத்தில் தனி ஆளாக முடிக்க முடியாது, ஆனால் முதல் இரண்டு கிளிப் கைக்கு வந்தால் எடிட்டர் வேலையைத் தொடங்கிவிடுவார்.

அடுத்ததுதான் கை நடுங்கும் இடம். லோகோ, டேட்டா என்ட்ரி, வேர்ட்பிரஸ் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். "ஓரமா இருந்துட்டுப் போகட்டுமேக்கா" என்றாள். ஓரமாக இருந்தால் என்ன கெடும் என்றால், எடிட்டர் இந்தப் பக்கத்தைத் திறப்பது "இந்த ஆளை நம்பி மூல ஃபுட்டேஜைக் கொடுக்கலாமா" என்ற கேள்வியோடு. கீழே கல்யாணப் பத்திரிகை டிசைனைப் பார்த்ததும் அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்துவிடும். பழைய வேலைகளை உங்கள் கம்ப்யூட்டரில் வைத்திருங்கள், யாரும் பறிக்கப்போவதில்லை.

## 6. பத்துப் பத்தாக எழுதுங்கள்

நாற்பது பேருக்கும் ஒரே நாளில் கடிதம் அனுப்பிவிடாதீர்கள். கடிதத்தில் தவறு இருந்தால் நாற்பது வாய்ப்பும் ஒரே அடியில் போய்விடும். பத்துப் பேருக்கு அனுப்பி ஒரு வாரம் பொறுத்து, திருத்தி, அடுத்த பத்து.

அவளுடைய முதல் பத்துக்கு ஒரு பதிலும் இல்லை. கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். மூன்று பத்தி அவளைப் பற்றியே இருந்தது, கடைசி வரியில்தான் சாம்பிள். இரண்டாவது பத்துக்கு மாற்றி எழுதினோம்:

"உங்கள் மீனவர் கிராமத்து வீடியோவைப் பார்த்தேன். நான்காவது நிமிடத்தில் அந்த அம்மா சொல்லும் சொல்லுக்கு இன்னும் கூர்மையான பொருள் உண்டு, கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்ப் பேட்டிகளை எடிட் தொடங்கும் முன் டைம்கோடோடு ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன். இரண்டு பக்கச் சாம்பிள் இணைத்திருக்கிறேன். அடுத்த ஷூட்டிங் எப்போது?"

அந்த வீடியோவை நிஜமாகவே பார்த்திருக்க வேண்டும், சொன்ன பொருளும் சரியாக இருக்க வேண்டும். ஒரு கடிதத்துக்கு அரை மணி நேரம் ஆகும். நாற்பதில் நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த முறை இரண்டு பதில்கள். ஒருவர், "ஷூட்டிங்குக்கு உதவ வரும் உள்ளூர்க்காரரே எழுதிக் கொடுத்துவிடுகிறார்" என்றார். அவள் இதைத் தோல்வி என்று குறித்திருந்தாள். எனக்கு அது அந்த வாரத்தின் நல்ல செய்தி. இத்தனை நாளாக இந்த வேலையை யார் செய்கிறார் என்று தெரிந்துவிட்டது. அந்த உள்ளூர்க்காரர் பகலெல்லாம் வண்டி, சாப்பாடு, அனுமதி என்று அலைபவர், இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்ய அவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அதனால் மூன்றாவது பத்தில் நான்கு கடிதங்கள் அந்த மாதிரி ஒருங்கிணைப்பாளர்களுக்கே போயின. போட்டியாளர் என்று நினைத்தவர்களிடமிருந்துதான் பிறகு வேலை வந்தது.

இன்னொருவர் ஐந்து நிமிடக் கிளிப் ஒன்றைச் சோதனைக்கு அனுப்பினார். ஐந்து நிமிடம் இலவசமாகச் செய்யலாம். அரை மணி நேரம் இலவசமாகக் கேட்டால் அது சோதனை இல்லை, வேலை. சோதனையிலிருந்து முதல் வேலை வந்தது: 2 மணி 10 நிமிட ஃபுட்டேஜ், 130 நிமிடத்துக்கு 40 வீதம் 5,200 ரூபாய். பாதி முன்பணம்.

அதிலும் ஒரு சறுக்கல். ஒரு கிளிப்பில் நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பது நிமிடக் கூச்சலைப் பிரித்தெடுக்க அவளுக்கு ஒரு முழு நாள் போனது, ரேட்டில் அதற்கு இடமே இல்லை. அடுத்த வேலையிலிருந்து குழுப் பேச்சுக்குத் தனி ரேட் என்று முதலிலேயே எழுதினாள். ஒரே மாதிரி வேலையைத் திரும்பச் செய்வதால்தான் இந்த மாதிரித் திருத்தம் அடுத்த தடவை காசாகிறது. லோகோவில் பட்டது வேர்ட்பிரஸ்ஸில் உதவாது.

## 7. வேறு வேலை கேட்டு வந்தால்

வரும். என் அளவுகோல் சின்னது. அதே கிளையன்ட் பக்கத்து வேலை கேட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு யாரோ தூரத்து வேலை கேட்டால், அரிசிக்குக் காசு வேண்டும் என்றால் செய்யுங்கள், ஆனால் ப்ரொஃபைலில் காட்டாதீர்கள்.

பக்கத்து வேலை என்றாலும் அது வேறு வேலைதான் என்பதை மறக்காதீர்கள். எடிட் முடிந்ததும் அதே எடிட்டர் அவளிடம் சப்டைட்டில் கேட்டார். பிரதியை அப்படியே வெட்டி ஒட்டினாள், திரை கொள்ளவில்லை. பிரதியில் பேசியது முழுதும் வேண்டும். சப்டைட்டிலில் வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரி என்பது பரவலான எல்லை, பார்ப்பவர் படித்து முடிக்க நேரமும் வேண்டும். பாதியைச் சுருக்க வேண்டியிருக்கும். அதற்கும் நான்காவது படிபோலக் கடிகாரம் வைத்துப் பார்த்து, தனி ரேட் போட்டாள்.

தெலுங்கு செய்வீர்களா என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்று சொல்லி, தெரிந்த ஒருவரைக் கைகாட்டிவிட்டாள். "ஆள் வைத்துச் செய்து தருகிறேன்" என்று சொல்லியிருந்தால், வந்த பிரதி சரியா தவறா என்று பார்க்கக்கூட அவளால் முடிந்திருக்காது.

## 8. எப்போது விடுவது

நாற்பது கடிதமும் போய், மூன்று மாதமும் ஆனபின்தான் இந்தக் கேள்வி. அதற்கு முன் மாற்றினால் நிச் தவறா, கடிதம் தவறா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பதில் வருகிறது, பாராட்டுகிறார்கள், ஆனால் ரேட் சொன்னதும் மௌனம் என்றால் வேலை தேவைதான், ஆள்தான் தவறு. மூன்றாவது படிக்குப் போய், அதே வேலைக்குப் பட்ஜெட் உள்ளவரைத் தேடுங்கள். குறும்படக்காரர்களோடு தொடர்ந்திருந்தால் இதுதான் நடந்திருக்கும். பதிலே வரவில்லை, கடிதத்தை மூன்று முறை மாற்றியும் வரவில்லை என்றால் அந்த நேரத்தில் அவர்களுக்கு அந்தத் தேவை இல்லை. இரண்டாவது படிக்குப் போங்கள், நேரத்தை மாற்றி வெட்டிப் பாருங்கள். வேலை வருகிறது, ஆனால் போன வேலையில் செய்த எதுவும் இந்த வேலைக்கு உதவவில்லை என்றால் நீங்கள் இன்னும் வெட்டவில்லை, பழைய ஆறு வேலைக் கடையைத்தான் புதுப் பெயர்ப்பலகை மாட்டி நடத்துகிறீர்கள்.

அவள் விஷயத்தில் ஐந்தாவது வேலை முடிந்தபோது அந்தச் சொல் தாளில் முந்நூறுக்கு மேல் சொற்கள் சேர்ந்திருந்தன. கண்மாய், மடை, மானாவாரி, நீராணிக்கம் என்று ஊர் வாரியாகப் பிரித்து வைத்திருந்தாள். பத்து நிமிட ஃபுட்டேஜுக்கு இப்போது ஐம்பது நிமிடம்தான் ஆகிறது. போன மாதம் கடலூர்ப் பக்கத்து மீனவர் பேட்டி ஒன்று வந்தது. வலை, காற்று, படகின் பாகங்கள் என்று பாதிச் சொற்கள் அவளுக்கே புதிது. ரேட் சொல்வதற்கு முன் பத்து நிமிட ஃபுட்டேஜை வாங்கி மறுபடியும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எண்பத்தைந்து நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு 55 என்று எழுதி அனுப்பினாள்.